வெள்ளிக்கிழமையில் விழுந்த முதல் தவணை

பிரான்ஸ் தேசத்துக்கு நான் எழுதிய முதல் உருப்படியான கடிதம், கடனைத் தவணையாகக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிற கடிதம். புதுச்சேரியில் மூன்று வருஷம் பிரெஞ்சு படித்தபோது இதை எதிர்பார்க்கவில்லை. கடற்கரைச் சாலையில் தோழிகளோடு வாய்ப்பாடு மாதிரி வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டு நடப்போம். ஒருத்தி பாரிஸ் போவதாகச் சொன்னாள். போயும்விட்டாள். நான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்தேன். கச்சிராயபாளையம் போகிற சாலையில் உள்ள ஒரு மரவள்ளிக்கிழங்கு மாவு ஆலையில், மாடி அறையில், தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேலை கிடைத்ததே அந்த மொழியால்தான். அரைத்த கிழங்குக் கூழில் நாரை நிறுத்திக்கொண்டு மாவுப்பாலை மட்டும் வெளியே விடுவதற்கு ஒரு கூம்புச் சல்லடை வேண்டும். முடியைவிட மெல்லிய துளைகள். எங்கள் முதலாளி எங்கெங்கோ வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் பிரான்சின் வடக்கே ஒரு சின்ன ஊரில், ஒரு குடும்பம் நடத்துகிற பட்டறையைப் பிடித்தார். அவர்களோடு எழுதிப் பேச ஆள் தேவைப்பட்டது. நேர்காணலில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பிரெஞ்சு தெரியும்ன்றியே, சண்ட போடுற அளவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"சண்ட போடாத. சும்மா கேட்டேன்."

முதல் சல்லடை மே மாதக் கடைசியில் கப்பலேறி வந்தது. மாட்டியதும் மாவு பால்போல வெளுத்து இறங்கியது. ஆலையில் இரண்டு இயந்திரங்கள். இன்னொன்றில் பழைய சல்லடை, பல இடத்தில் ஈயம் வைத்து அடைத்தது. அதற்கும் ஒன்று வேண்டும் என்று உடனே ஆர்டர் கொடுத்தோம். புரட்டாசியில் மலைக்கிழங்கு இறங்க ஆரம்பித்துவிடும். அதற்குள் இரண்டாவது சல்லடை வந்தாக வேண்டும். வராவிட்டால் பாதி மாவில் நார் கலக்கும். நூலுக்குக் கஞ்சி போட எங்கள் மாவை வாங்குகிற நூல் ஆலைக்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

முதல் சல்லடைக்கான பில் பதினாறாயிரம் யூரோ. கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. ஜூன் கடைசியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவு பணம் இருக்காது என்று. மாவு வாங்கிய வடநாட்டு நூல் ஆலை ஒன்று இரண்டு மாதமாகக் காசு அனுப்பவில்லை. இன்னொரு பக்கம், கல்வராயன் மலையில் கிழங்கு போட்டிருக்கிறவர்களுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டிய சமயம். நாம் கொடுக்காவிட்டால் ஆத்தூர் பக்கத்து ஆலைக்காரர்கள் கொடுப்பார்கள். கிழங்கு அந்தப் பக்கமாக இறங்கிவிடும்.

முதலாளியிடம் போய், "இப்பவே எழுதிடலாம் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாத்த எழுதுவ?"

"பணம் கொஞ்சம் டைட்டா இருக்கு, பிரிச்சிக் குடுக்கறோம்னு."

"அவங்க கேட்டாங்களா?"

"இன்னும் தேதியே வரல சார்."

"அப்ப எதுக்கு வாயக் குடுக்குற? தேதி வரட்டும். ஒரு வாரம் போவட்டும். போன் பண்ணுவாங்க. ரெண்டு தபா எடுக்காத. மூணாவது தபா எடுத்து, நானே பண்ணணும்னு இருந்தேன்னு சொல்லு."

இது அவருடைய முறை மட்டுமல்ல. மார்க்கெட் தெருவில் எல்லோருடைய முறையும் இதுதான். கேட்கிறவன் இரண்டு தடவை கேட்க வேண்டும், கொடுக்கிறவன் ஒரு தடவை சிரிக்க வேண்டும், அப்புறம் டீ வரும், பாதி பணம் வரும். ஆனால் பிரான்சில் இருப்பவருக்கு யார் டீ வாங்கித் தருவது? பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். ஒரு நாள் தாமதமானாலும் வட்டி, அதோடு வசூல் செலவுக்கென்று நாற்பது யூரோ.

"அடப்பாவிங்களா, கேக்கறதுக்கும் கூலியா?" என்று சிரித்தார். கொஞ்சம் யோசித்தார். "சரி எழுது. ஆனா தேதி போடாத."

"தேதி போடலன்னா ஒத்துக்க மாட்டாங்க சார்."

"நீயாச்சு, உன் பிரெஞ்சாச்சு."

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் மழை இருந்தது, மலை இருந்தது, எங்கள் வருத்தம் மூன்று இடத்தில் இருந்தது. மறுநாள் படித்தபோது, யாரோ துக்கம் விசாரிக்கப் போன மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அடித்தேன். மிஞ்சியது ஒன்பது வரி. இன்ன எண்ணுள்ள பில், இன்ன தொகை, இன்ன தேதியில் கட்ட வேண்டியது, இந்தக் கடன் எங்களுடையதுதான், மறுப்பில்லை. ஒரு வாடிக்கையாளர் தாமதப்படுத்தியதால் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் கையிருப்பு குறைவு. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை மாதம் நாலாயிரமாக நான்கு தவணை. முதல் தவணை பழைய கெடு நாளிலேயே. இரண்டாவது சல்லடையின் ஆர்டரை நிறுத்தாமல் தொடரும்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் சம்மதத்தை எழுத்தில் தெரிவிக்கவும். கடைசியில் அந்த மொழியில் வழக்கமாக வைக்கிற நீளமான மரியாதை வணக்கம்.

வங்கியிலும் முன்பே கேட்டு வைத்திருந்தேன். சரக்கு கப்பலேறிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். அக்டோபரில் முடித்தால் கணக்கு சரி.

அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. அது எங்கள் ஆலையில் சாப்பாட்டு மணி. இயந்திரம் நிற்கும். கீழே எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்வார்கள். நான் அந்த நேரத்தில்தான் மாடியில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பதில் வருகிறதா என்று. முதல் சில மாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார்.

"இன்னா தொரசானி, உங்க ஊருல இன்னும் விடியலியா?"

"இப்பதான் விடிஞ்சிது மேஸ்திரி."

"அப்ப அவங்களுக்கு இட்லியா, ரொட்டியா?"

"ரொட்டி."

"பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவார். யாருக்குப் பாவம் என்று சொல்ல மாட்டார்.

நாலாம் நாள் பதில் வந்தது. அந்தப் பட்டறையின் கணக்கைப் பார்க்கிற அம்மாள். அதுவரை அவர் எனக்கு பில் அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். முன்கூட்டிச் சொன்னதற்கு நன்றி, பெரும்பாலோர் சொல்வதில்லை என்றிருந்தது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும்.

ஆனால் நான்கு தவணை கிடையாது, மூன்று. ஜூலை முப்பத்தொன்றில் ஏழாயிரம், ஆகஸ்ட் முப்பத்தொன்றில் ஐயாயிரம், செப்டம்பர் முப்பதில் நாலாயிரம். நாள் தவறாமல் வந்தால் வட்டியும் நாற்பது யூரோவும் இல்லை. ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும். இன்னொன்று: ஜூலை முப்பத்தொன்று மாலையோடு பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் விடுமுறையில் போகிறார்கள், மூன்று வாரம். அன்றைக்குள் பணம் புறப்பட்டதற்கான வங்கித் தாளைப் பார்த்தால், இரண்டாவது சல்லடைக்குத் தகடு சொல்லிவிட்டுப் போவார்கள், திறந்ததும் முதல் வேலையாக எடுப்பார்கள். இல்லாவிட்டால் வரிசையில் கடைசி. அக்டோபர் கடைசிக்குமுன் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒப்பந்தத் தாளை அச்சிட்டுக் கொண்டுபோனேன். முதலாளி கையெழுத்துக்கு மேலே, "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று அவர் கையாலேயே பிரெஞ்சில் எழுத வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார்.

"மேல ஒரு கோடு போட்டிருக்கியே, அது எதுக்கு?"

"அது போடலன்னா வேற மாதிரி படிப்பாங்க சார்."

"எனக்கு முழுசாவே வேற மாதிரிதான் இருக்குது." நிமிர்ந்தார். "எப்ப மொத தவண?"

"ஜூலை முப்பத்தொண்ணு சார். ஏழாயிரம்."

"முப்பத்தொண்ணு. சரி."

முப்பத்தொன்று என்றேன். அது என்ன கிழமை என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் தலைக்குமேல் தினக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டு. நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. எனக்குத் தேதி கணினியின் மூலையில் இருந்தது.

ஜூலை கடைசி வாரம், நூல் ஆலைக்காரர்கள் ஒருவழியாகக் கொஞ்சம் பணம் போடுவதாகச் சொன்னார்கள். நான் வங்கித் தாள்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பில், சரக்கு சுங்கத்தில் இறங்கிய பத்திரம், ஒப்பந்தம், விண்ணப்பம். வங்கிக் கட்டணம் முழுவதும் நம் தலையில் என்று குறித்திருந்தேன். இல்லாவிட்டால் வழியில் உள்ள வங்கிகள் பிய்த்துக்கொண்டு, ஏழாயிரத்தில் சில யூரோ குறைந்து போய்ச்சேரும். அந்த அம்மாள் கணக்கில் அது "முழுத் தவணை இல்லை" என்று நிற்கும். முதலாளி கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் புதன்கிழமையே முன்பணம் கொடுக்க வெள்ளிமலைக்கு ஏறிவிட்டார்.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு நூல் ஆலைப் பணம் கணக்கில் ஏறியது. அன்றைக்கே அனுப்ப முடியாது. யூரோவாக மாற்றுகிற வேலை சேலத்துக் கிளையில் நடக்கும், மதியத்துக்குமேல் எடுக்க மாட்டார்கள். நாளைக் காலை கொடுத்தால் மதியத்துக்குள் அனுப்பிவிடலாம் என்றார்கள். குதித்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டேன். ஆறாவது தடவை கிடைத்தது.

"சார், பணம் வந்திடுச்சி! நாளைக்குக் காலையில பேங்க்ல வந்து கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா..."

"நாளைக்கா?"

"ஆமாம் சார், முப்பத்தொண்ணு."

"நாளைக்கு இன்னா கெழம?"

"வெள்ளி."

மலைக்காற்றின் இரைச்சலுக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"ஆடி வெள்ளியில பெட்டியிலேர்ந்து காசு வெளிய போவாதும்மா. திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"சார், நாளைக்குச் சாயங்காலம் அவங்க பூட்டிக்கினு போயிடுவாங்க..."

லைன் அறுந்துவிட்டது. அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை.

கீழே இறங்கி ஓடினேன். மேஸ்திரி இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கொட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன்றர வருஷமா இங்க கீற. வெள்ளிக்கெழமல இங்க லாரி வந்து பாத்திருக்கியா?"

"இல்ல. அன்னிக்கு மிஷின் கழுவுற நாளு."

"மிஷின் கழுவறதுக்காகவா லாரி வரல? லாரி வரலன்னுதான் மிஷின் கழுவுறோம். மலக்காரங்களுக்குக் கெழங்கு எடபோட்ட அன்னிக்கே காசு குடுக்கணும். வெள்ளிக்கெழம காசு குடுக்க மாட்டாரு. அதனால அவங்க வெள்ளிக்கெழம கெழங்கே தோண்ட மாட்டாங்க. மல முச்சூடும் தெரியும் இது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பிரான்சில் ஒரு பட்டறை எத்தனை மணிக்குச் சாப்பிட எழுந்திருக்கும் என்று தெரியும். ஆகஸ்டில் அவர்கள் எத்தனை வாரம் பூட்டுவார்கள் என்று தெரியும். என் காலடியில் வெள்ளிக்கிழமை ஏன் சத்தமில்லாமல் இருக்கிறது என்று தெரியாது. ஒன்றரை வருஷம் மாடியில் அந்த அமைதியில்தான் நிம்மதியாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப இன்னா பண்றது மேஸ்திரி?"

"இன்னிக்கு இன்னா கெழம?"

"வியாழன்."

"அப்ப இன்னிக்கே வாங்கு கையெழுத்த. அவரு கை இன்னிக்கு வுட்டுதுன்னா அது வியாழக்கெழமக் காசு. பேங்குக்காரன் எப்ப அனுப்புனா அவருக்கு இன்னா? ஆனா வெளக்கு வெக்கிறதுக்குள்ள வாங்கணும். வெளக்கு வெச்சப்புறம் எந்தக் கெழமயும் தர மாட்டாரு." பெல்ட்டை உதறினார். "தொரசானி மல ஏறணும்."

தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வண்டியை எடுத்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் மணி மூன்றரை. வளைவுக்கு வளைவு வண்டி திணறியது. எதிரே ஒரே ஒரு பஸ் வந்தது, அப்புறம் யாருமில்லை. மழை மேகம் சரிவில் படிந்திருந்தது. இந்த மலையை ஜன்னலில் தினமும் பார்க்கிறேன். நான் எழுதிய முதல் கடிதத்தில்கூட இது இருந்தது, அடித்துவிட்டேன். ஏறியது இதற்குமுன் ஒரே தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. யாரிடமாவது, இப்படி ஒரு காரியத்துக்காக மலை ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. பாரிசில் இருக்கிற தோழியிடம் சொல்லலாம். அவள் சிரிப்பாள். அம்மாவிடம் சொன்னால், தனியாக ஏன் போனாய் என்பாள். அந்தக் கணக்கு அம்மாளிடம் சொன்னால் ஒருவேளை புரியும். ஆனால் அவரிடம் சொல்லக் கூடாத ஒரே விஷயமும் இதுதான்.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில், நோட்டை மடியில் வைத்து முதலாளி உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர், கிழங்கு போட்டிருக்கிறவர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"இன்னாம்மா, வூட்ல எதுனா...?"

"இல்ல சார். கையெழுத்து."

உறையைப் பிரித்தேன். அவர் மேற்கே பார்த்தார். வெயில் இன்னும் மரத்து உச்சியில் இருந்தது.

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கியா?"

"இன்னிக்குத் தேதிதான் சார். வியாழக்கிழமை."

"கெழமயும் எழுது."

அந்த விண்ணப்பத்தில் கிழமைக்கு இடமே இல்லை. தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக "வியாழன்" என்று எழுதினேன். அவர் பேனாவைத் திறப்பதற்குமுன் கொஞ்சம் தயங்கினார். தொகையைக் குனிந்து படித்தார், யூரோவில்.

பக்கத்தில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "எங்களுக்கு அட்வான்ஸ் குடுக்கத்தான் காசு கம்மின்னீங்க. இது யாருக்குங்க?"

"வெள்ளக்காரனுக்கு. அவனுக்கும் அட்வான்ஸ்தான்."

"அவரும் கெழங்கு போடுறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தாளை என் கையில் உடனே கொடுக்கவில்லை. பெஞ்சில் வைத்து, நான் எடுத்துக்கொள்ளும்படி தள்ளினார்.

"ஏம்மா, கெழம பாத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா மாத்தியிருப்பேன் சார்."

"யார் கேட்டிருக்கணும், நீயா நானா?"

தாளை எடுத்து உறையில் வைத்தேன். டீ சொன்னார். குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வங்கி திறந்தபோது வாசலில் நான்தான் முதல் ஆள். தாளில் "வியாழன்" என்று இருந்ததைப் பார்த்த ஊழியர், இது எதற்கு என்றார். எங்கள் முதலாளிக்காக என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றே முக்காலுக்கு, பணம் புறப்பட்டதற்கான தாள் வந்தது. அங்கே மணி பத்தேகால். அந்த அம்மாளுக்கு அனுப்பினேன், ஒரு வரியில்.

ஆலையில் யாருமில்லை. இயந்திரம் கழுவிய தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குமேல் பதில் வந்தது. வங்கித் தாளைப் பார்த்தேன், தகட்டுக்குச் சொல்லிவிட்டோம், நான் இன்று மாலை கடலோரம் போகிறேன், உங்களுக்கும் நல்ல விடுமுறை அமையட்டும் என்று எழுதியிருந்தார்.

நன்றி சொல்லி, கொஞ்சம் நீளமாகவே எழுதினேன். மலை ஏறியதைக்கூட ஒரு வரி சேர்த்திருந்தேன், காரணம் சொல்லாமல். என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து எட்டரை மணியாகிவிட்டது. அனுப்பிய நொடியே பதில் வந்தது. பட்டறை மூடப்பட்டுள்ளது, ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி திறக்கும். தானாக வருகிற பதில். அதையும் இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த இரண்டு தவணைக்கும் தினக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துத்தான் முதலாளியிடம் போனேன். ஆகஸ்ட் முப்பத்தொன்று திங்கள், செப்டம்பர் முப்பது புதன். இரண்டும் நாள் தவறாமல் போயின. சல்லடை புரட்டாசிப் பாதியில் வந்து இறங்கியது. மேஸ்திரி மாட்டினார். இரண்டு இயந்திரத்திலும் ஒரே வெள்ளையாக மாவு இறங்கியது. கீழே எல்லோரும் கை நனைத்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது தவணை சேர்ந்த மறுநாள் அந்த அம்மாள் எழுதினார். கணக்கு நேராகிவிட்டது, நன்றி. அதற்கப்புறம் கடிதம் இல்லை. எழுத ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும். பன்னிரண்டரை மணி ஆகும்போது கை தானாகத் திரையைத் தொடும், அவ்வளவுதான்.

"இன்னா தொரசானி, விடிஞ்சிதா?" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"விடிஞ்சிது மேஸ்திரி. ஒண்ணும் வரல" என்றேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் பாதிவரை இறங்கினேன். கீழே வட்டம் நெருக்கமாக இருந்தது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல், அந்தப் படியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.